இரண்டரைச் சுற்று

மூன்றாவது நாளாக அதே கனவு. என் மக்காச்சோள வயல் காய்ந்து கிடக்கிறது. தரை பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. இலையெல்லாம் வெங்காயத்தாள் மாதிரி சுருண்டு சரசரக்கிறது. ஒரு கதிரை ஒடித்துத் தோலை உரிக்கிறேன். உள்ளே ஒரு மணிகூட இல்லை, வெறும் வெள்ளைச் சக்கைதான். தண்ணீர் வால்வைத் திறக்க ஓடலாம் என்றால் கால் எழும்ப மாட்டேன் என்கிறது. அந்த நேரம் பார்த்து வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்புச் சத்தம். பார்த்தால் என் தம்பியின் வயல், பச்சையாக, ஆள் உயரத்துக்கு. ஊரே அங்கே நின்று அவன் கதிரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வயல் காய்ந்ததுகூட எனக்குப் பொறுக்கும். அந்தச் சிரிப்புத்தான் பொறுக்கவில்லை.

"மறுபடியும் வயலா?" என்றாள் என் மனைவி. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறவள். ராத்திரி ஷிப்டில் தூங்குகிறவர்களைப் பார்த்துப் பார்த்தே பாதி டாக்டர் ஆகிவிட்டாள். "அஞ்சு மணியிலேர்ந்து பாத்துட்டுதான் இருக்கேன். மூடின இமைக்குள்ள உங்க கண்ணு அங்கயும் இங்கயும் ஓடுது. அப்போ எழுப்பினா கனவு அப்படியே ஞாபகம் இருக்கும்."

"விடியக்காலைக் கனவு பலிக்கும்னு சொல்வாங்களே."

"விடியக்காலையிலதான் கனவு நிறைய வரும், உடனே முழிப்பும் வந்துடும். அதனால அதுதான் ஞாபகத்துல நிக்குது. ராத்திரியும் வரத்தான் செய்யுது, மறந்துடறீங்க. பலிக்கறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"கால் எழும்பவே இல்லடி."

"கனவு காணும்போது யாருக்கும் எழும்பாது. உடம்பு கட்டிப் போட்ட மாதிரி கிடக்கும். எழும்பினா கட்டில்லேர்ந்து விழுந்து பல்லை உடைச்சுக்குவீங்க, அதுக்குத்தான்." சொல்லிவிட்டு மேஜை விசிறியைப் பார்த்தாள். பிறகு அதன் எதிரே சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தாள். காற்றில் அதன் தாள்கள் சரசரவென்று அடித்துக்கொண்டிருந்தன. "கனவுல காஞ்ச இலை சத்தம் கேக்குதுன்னு சொன்னீங்கள்ல? இதுதான் அது." நாள்காட்டியைக் கழற்றி அலமாரிக்குள் போட்டாள்.

மறுநாள் விடியற்காலையும் கனவு வந்தது. காய்ந்த இலைகள் அசைந்தன, சத்தமே இல்லை. அவள் சொன்னது சரி என்று தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? சத்தம் போனது, வயல் காய்ந்தபடியேதான் இருந்தது. தம்பியின் சிரிப்பும் அப்படியே இருந்தது.

என் தம்பிக்கு ஊரில் கைராசி என்று பெயர். எனக்குச் சிடுமூஞ்சி. இரண்டு பெயரையும் ஒரே டீக்கடையில்தான் வைத்தார்கள். ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே விதைப் பை வாங்கி ஆளுக்குப் பாதி பிரித்துக்கொள்வோம். அவன் போட்டது நாலாம் நாள் முளைக்கும், நான் போட்டது ஆறாம் நாள். அடுத்த தெருக்காரன்கூட விதைப்பு அன்று அவனைக் கூப்பிட்டு முதல் விதையைப் போடச் சொல்வான். நானும் அதே அப்பாவுக்குத்தான் பிறந்தேன். என்னை ஒருவன் ஒரு கீரை விதை போடக்கூடக் கூப்பிட்டதில்லை.

அப்பா நிலத்தைப் பிரித்தபோது மேல் பாதி அவனுக்கு, கீழ்ப் பாதி எனக்கு. கிணறு பொது. மோட்டார் கரன்ட் காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை. ஒரு நாள் என் முறை, ஒரு நாள் அவன் முறை. மோட்டாரிலிருந்து வரும் குழாய் கிணற்று மேட்டில் இரண்டாகப் பிரியும். ஆளுக்கொரு வால்வு. முறைக்காரன் தன் வால்வைத் திறக்கணும், மற்றவனுடையது மூடியிருக்கணும். அவ்வளவுதான் சட்டம். பூட்டுப் போடுவதைப் பற்றி யாரும் பேசியதில்லை. அண்ணன் தம்பிக்கு நடுவில் பூட்டு எதற்கு என்று அப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்த வருஷம் மழை நாற்பது நாள் தள்ளிப் போயிருந்தது. ரேடியோ தினமும் ஒரு நம்பிக்கை சொல்லும், மறுநாள் அதை வாபஸ் வாங்கும். பயிருக்கு ஐம்பத்திரண்டு நாள். மக்காச்சோளத்துக்கு அதுதான் ஆகாத காலம். உச்சியில் ஆண் பூ கொண்டை விரித்து மகரந்தத்தைக் கொட்ட ஆரம்பிக்கும். அதற்கு இரண்டு மூன்று நாளில் கதிரின் நுனியில் பட்டு முடி வரும். ஒரு முடிக்கு ஒரு மணி. முடியில் மகரந்தம் விழுந்தால் மணி பிடிக்கும், விழாவிட்டால் அந்த இடம் பொக்கை. அந்தச் சமயத்தில் வேருக்குத் தண்ணீர் குறைந்தால் முடி வெளியே வரத் தாமதமாகும். வந்து பார்க்கும்போது மகரந்தம் கொட்டித் தீர்ந்திருக்கும். பிறகு ஆறு ஓடினாலும் பிரயோஜனமில்லை.

தம்பிக்கு அது வாழ்வா சாவா. போன வருஷ மகசூல் அவனுக்கும் இல்லை. இந்த வெள்ளாமையும் போனால் நிலத்தைப் போட்டுவிட்டு மச்சினன் வேலை செய்யும் நகரத்துக் கிடங்குக்கு மூட்டை தூக்கப் போவதாக வரப்பில் நின்று அவனே என்னிடம் சொன்னான். "போனா திரும்பி வரமாட்டேண்ணா. பசங்க படிப்பு அங்கயே ஆயிடும்." நான் ம் என்றேன். எனக்குள் ஒருவன் அப்போதே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதை மறைக்க எனக்கு மனசில்லை.

நாலாவது நாளும் கனவு வந்ததும் நேரே வயலுக்குப் போனேன். ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி மண்ணை எடுத்துக் கையில் பிடித்துப் பார்த்தேன். உருண்டை பிடித்தது, உடையவில்லை. இலை மதியத்தில் கொஞ்சம் சுருண்டாலும் வெயில் தாழ்ந்ததும் விரிந்துவிடுகிறது. அதாவது என் வயலுக்கு ஒரு குறையும் இல்லை. கீழ்ப் பாதி என்பதால் ஈரம் என் பக்கம்தான் இறங்கும். கை இதைச் சொன்னது. தலை கேட்கவில்லை. வரப்பின் மேலே தம்பியின் பயிர் என்னுடையதைவிட நாலு விரல் உயரமாக நின்றது. அன்று அவன் முறை.

அவன் வால்வைத் திறந்து வைத்துவிட்டு மேல் கோடியில் பாத்தி மாற்றிக்கொண்டிருந்தான். நான் கிணற்று மேட்டுக்குப் போனேன். என் வால்வின் சக்கரத்தைப் பிடித்தேன். இரண்டரைச் சுற்று திருப்பினேன்.

முழுசாகத் திறக்க எட்டுச் சுற்று. இரண்டரைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் என் குழாய் பள்ளத்துக்கு ஓடுகிறது, அவனுடையது மேட்டுக்கு ஏறுகிறது. தண்ணீருக்கு எந்தப் பக்கம் போகப் பிடிக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டரைச் சுற்றில் பாதிக்கு மேல் என் பக்கம் இறங்கிவிடும். குழாய் மண்ணுக்கடியில் போய் என் வயலின் நடுவில் திறக்கிறது. பயிர் மறைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தெரியாது.

அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். விடியற்காலையில் கனவு வரவில்லை.

அதுதான் என்னைக் கெடுத்தது. கனவு சொன்னபடி செய்தேன், கனவு நின்றது, ஆக கனவு சொன்னது சரி என்று கணக்குப் போட்டேன். பயத்துக்கு ஒரு வேலை கொடுத்தால் பயம் அடங்கும், அவ்வளவுதான் நடந்தது என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. அவனுடைய அடுத்த முறைக்கும் திறந்தேன். அதற்கடுத்த முறைக்கும். ஆறரை மணிக்கு அவன் மேல் கோடிக்குப் போனதும் திறப்பது, பன்னிரண்டுக்குக் கரன்ட் போனதும் மூடுவது. பல் தேய்க்கிற மாதிரி பழகிவிட்டது.

"இன்னிக்கு தம்பி முறை. உங்க கால்ல எப்படி இவ்வளவு சேறு?" என்றாள் என் மனைவி.

"வாய்க்கால் ஓரமா நடந்தேன்."

"நம்ம வயலுக்கு வாய்க்காலே கிடையாதேங்க. குழாய்தானே?"

நான் காலைக் கழுவ ஆரம்பித்தேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள்.

மூன்றாவது முறைக்குப் பிறகு தம்பி மோட்டார் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தான். மூன்று பேரும் கிணற்று மேட்டில் நின்றோம். அன்று என் முறை, என் வால்வு முழுசாகத் திறந்திருந்தது. மெக்கானிக் கரன்டை அளந்தான், மோட்டார் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான், கயிற்றில் கல் கட்டிக் கிணற்றுத் தண்ணீரை ஆழம் பார்த்தான்.

"மோட்டார்ல குத்தம் இல்ல. தண்ணியும் நேத்து ராத்திரி ஊறி ஏறியிருக்கு," என்றான். "உங்க முறைக்கு மட்டும் ஏன் நூல் மாதிரி வருது?" என்று தம்பியைக் கேட்டான்.

"ஊத்து குறைஞ்சிருக்கும்," என்றேன். "எனக்கும் சரியா வரல. நான் சொல்லிக்கல, அவ்வளவுதான்."

மெக்கானிக் என் வயல் பக்கம் பார்த்தான். குழாய் வாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் அங்கே வரை கேட்டது. அவன் ஸ்பேனரைப் பைக்குள் போட்டான்.

தம்பி என்னைப் பார்த்தான். "உனக்காவது போதுதாண்ணா?"

அடி வாங்கியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. தன் வயல் காய்கிறபோது என் வயலைப் பற்றிக் கேட்கிறான்! நல்லவன் பட்டமும் இவனுக்கே வேண்டுமா? "உன் வேலையைப் பாருடா" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவன் தண்ணீரைப் பற்றி வாயே திறக்கவில்லை. பார்த்தால் சிரித்தான், குடும்பம் எப்படி என்றான், போனான். கைராசிக்காரன், எப்படியோ சமாளிக்கிறான் என்று எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் மூன்று முறைக்குத் திறந்தேன். மொத்தம் ஆறு.

மழை பயிரின் அறுபத்தொன்பதாம் நாள் வந்தது. வந்ததும் கொட்டித் தீர்த்தது. என் வயலில் கீழ் நாலு வரிசையில் ஏற்கனவே தண்ணீர் தேங்கி வேர் மூச்சு முட்டிப் போயிருந்தது. இலை மஞ்சளித்துவிட்டது. மேலே தம்பியின் வயலோ மழை பட்டதும் கருகருவென்று பச்சை ஏறியது. போகிறவன் வருகிறவனெல்லாம் அதைத்தான் காட்டினான். "கைராசி பயிரைப் பாருங்கய்யா. தண்ணி இல்லாமலே நிக்குது!"

இத்தனை செய்தும் அவன்தான் ஜெயித்தானா? அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். மனைவி தட்டை எடுத்து மூடி வைத்தாள். "பசிக்கும்போது சாப்பிடுங்க. வயித்துல வேற ஏதோ நிறைஞ்சிருக்கு போல," என்றாள்.

நூற்றைந்தாம் நாள் இரண்டு பேரும் அறுவடையைத் தொடங்கினோம். என் கதிர்கள் நடு வயலில் நன்றாக இருந்தன. நுனி வரை மணி. கீழ் வரிசையில் சிறுத்திருந்தன. மொத்தத்தில் மோசமில்லை. இவ்வளவுக்குமா அத்தனை தண்ணீர் என்று எனக்கே தோன்றியது. தம்பியின் களத்தில் எந்தச் சத்தத்தையும் காணோம். சிரிப்பு இல்லை, கூட்டம் இல்லை. பொறுக்க முடியாமல் வரப்பு ஏறிப் போனேன்.

அவன் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கதிராக உரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி சற்றுத் தள்ளி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு கதிரை எடுத்து உரித்தேன். வெள்ளைச் சக்கை. அங்கே இரண்டு மணி, இங்கே மூன்று மணி, கிழவன் பல் மாதிரி. இன்னொன்றை உரித்தேன். அதில் அதுவும் இல்லை.

இந்தக் கதிரை நான் பார்த்திருக்கிறேன். இதே வெள்ளை, கையில் இதே எடையில்லாத எடை. கனவில் பார்த்தது இதைத்தான். என் கையிலிருந்தது, ஆனால் என் வயலில் விளைந்தது இல்லை. என் கால் அன்று நிஜமாகவே எழும்பவில்லை.

"மேல இருக்கிற பச்சையைப் பாத்து ஏமாந்துட்டேண்ணா," என்றான் தம்பி, உரிப்பதை நிறுத்தாமல். "இலை மதியம் சுருளும், சாயங்காலம் விரிஞ்சுடும். சரி, தாங்கிக்கும்னு நினைச்சேன். அப்புறம் காலையிலயே சுருண்டு நிக்க ஆரம்பிச்சுது. அப்பவே பூ கொட்டிடுச்சு. முடி வந்தது ஒரு வாரம் கழிச்சு."

"ஊத்து..." என்று ஆரம்பித்தேன்.

"ஊத்து இல்லண்ணா." அவன் குரல் உயரவில்லை. "மெக்கானிக் வந்துட்டுப் போனதுக்கு மறுநாள் என் முறை. பாத்தி மாத்திட்டு மேட்டுக்கு வந்தேன். உன் வால்வு திறந்திருந்துச்சு. தண்டுல தெரிஞ்ச மரையை எண்ணிப் பாத்தேன், ரெண்டரைச் சுத்து."

தலையைத் தூக்க முடியவில்லை. அவன் மனைவியின் முதுகு அசையாமல் இருந்தது. அவளுக்கும் தெரியும்.

"மூடியிருக்கலாமேடா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "என்னை நாலு பேர் முன்னாடி நிறுத்திக் கேட்டிருக்கலாமே."

"சக்கரத்துல கை வெச்சேன். மூடத்தான் போனேன்." கையிலிருந்த கதிரைக் குவியலில் போட்டான். "அந்தச் சமயம் தினமும் விடியக்காலையில ஒரே கனவுண்ணா. ஒரு வயல் காஞ்சு வெடிச்சுக் கிடக்கு. இலை சுருண்டு நிக்குது. நான் ஓடறேன், காலே வரல. தண்ணியை அந்தப் பக்கம் திருப்பணும், முடியல. முழிச்சா நெஞ்சு அடிச்சுக்குது."

"மழை இல்லாத காலத்துல விவசாயிக்கு வர்றதுதானேடா அது," என்றேன். "எனக்கும் வந்தது."

"வரும்தான். ஆனா கனவுல காஞ்சு கிடந்தது உன் வயல். நீ வரப்புல உட்கார்ந்து அழறே." அவன் சிரிக்கப் பார்த்தான். "வால்வைப் பாத்ததும் அதுதான் ஞாபகம் வந்துச்சு. அண்ணன் திறந்திருக்கான்னா நிஜமாவே காயுது போலன்னு நினைச்சேன். கையை எடுத்துட்டேன். பாதித் தண்ணியில நம்மளது தாங்கிடும்னு கணக்குப் போட்டேன். அங்கதான் தப்பு."

வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. அதே பயம், அதே வானம், அதே ரேடியோ. இரண்டு பேர் தலைக்குள்ளும் ஒரே வயல் காய்ந்திருக்கிறது. தூக்கத்தில்கூட நான் என்னைப் பற்றியே பயந்திருக்கிறேன், அவன் என்னைப் பற்றிப் பயந்திருக்கிறான். விழித்திருக்கும்போது நடிக்கலாம். தூக்கத்தில் யார் நடிக்க முடியும்? அங்கேயும் அவன் என்னைவிட நாலு விரல் உயரமாக நின்றான்.

"என்னோடதுல பாதி எடுத்துக்கோ," என்றேன். "போகாதே."

"உன் கீழ் வரிசை மஞ்சளாயிடுச்சே. உனக்கே குறைச்சல்." எழுந்து வேட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டினான். "மச்சினன்கிட்ட சொல்லியாச்சுண்ணா. கிடங்குல வர்ற ஒண்ணாம் தேதி சேரணும். என் நிலத்தையும் நீயே பாத்துக்கோ. முறை கிறை எதுவும் வேணாம், கரன்ட் வந்தா திறந்துக்கோ."

ஒன்றாம் தேதிக்கு முந்தின நாள் அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டோம். என் மனைவி தம்பியின் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். தம்பி ஜன்னல் வழியாக, "வால்வு வாஷர் தேஞ்சிருக்கு, மாத்திடு, சொட்டும்" என்றான். பஸ் கிளம்பும்வரை அதைப் பற்றித்தான் பேசினான். நான் சரி சரி என்று தலையாட்டினேன். மன்னித்துக்கொள் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. பஸ் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் மனைவி அலமாரியிலிருந்து நாள்காட்டியை எடுத்து மறுபடியும் சுவரில் மாட்டினாள். "இருக்கட்டும்," என்றாள். "இனிமே உங்களுக்குச் சத்தம் கேக்கறதுதான் நல்லது."

இப்போது இரண்டு வயலும் என் கையில். தினமும் என் முறை. வாஷரை மாற்றிவிட்டேன். மழையும் இந்த வருஷம் சொன்ன நாளில் வந்தது. ஆனாலும் பயிர் பூ விடுகிற காலம் வந்தால் விடியற்காலையில் கனவு வருகிறது. ஒரு தடவையாவது அதில் மேல் வயல் காய வேண்டும், நான் அவனுக்காக ஓட வேண்டும், கால் வராமல் தவிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் படுக்கிறேன்.

வருகிறது. காய்ந்து கிடப்பது என் வயல்தான்.